47 வினாடி ஏன் 4 வினாடியில் முடிகிறது? மின்தேக்கியும் நேர மாறிலியும்

சுவிட்சைப் போட்டதும் எரியாமல், முக்கால் நிமிடம் கழித்து ஒரு எல்இடி எரிய வேண்டும். இதற்குப் புதிதாகக் கற்பவர்கள் முதலில் கட்டும் சுற்று கிட்டத்தட்ட எப்போதும் ஒன்றுதான். 9 வோல்ட் பேட்டரியின் நேர்முனையிலிருந்து 100 கிலோ ஓம் மின்தடை. அதன் மறுமுனையில் 470 மைக்ரோஃபாரட் மின்தேக்கியின் நேர்முனை. மின்தேக்கியின் எதிர்முனை பேட்டரியின் எதிர்முனைக்குப் போகிறது. மின்தடையும் மின்தேக்கியும் சேரும் புள்ளியிலிருந்து பிசி547 டிரான்சிஸ்டரின் பேஸுக்கு ஒரு கம்பி. கலெக்டரில் 1 கிலோ ஓமும் எல்இடியும். எமிட்டர் எதிர்முனையில்.

100,000 ஓமை 0.00047 ஃபாரடால் பெருக்கினால் 47. ஆக, நேர மாறிலி 47 வினாடி. சுவிட்சைப் போட்டுப் பாருங்கள். நாலு வினாடிக்குள் எல்இடி மெல்லப் பிரகாசித்து எரிந்துவிடும்.

உடனே பழி மின்தேக்கியின் மேல் விழும். கடைக்குப் போய் (அங்கே கண்டன்சர் என்று கேட்டால்தான் பலருக்குச் சட்டென்று புரியும்) இன்னொன்று வாங்கி மாட்டினாலும் அதே நாலு வினாடிதான். மின்தேக்கியில் கோளாறு இல்லை, மின்தடையில் இல்லை, பெருக்கலிலும் இல்லை. 47 வினாடி என்ற எண் எதைக் குறிக்கிறது என்று நாம் எடுத்துக்கொண்டதில்தான் இருக்கிறது. டிரான்சிஸ்டரைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, மின்தடையையும் மின்தேக்கியையும் மட்டும் முதலில் பார்ப்போம்.

அந்த 47 வினாடியில் நடப்பது

காலியான மின்தேக்கியின் குறுக்கே மின்னழுத்தம் சுழியம். எனவே சுவிட்சைப் போட்ட அந்தக் கணத்தில் 9 வோல்ட்டும் மின்தடையின் மேல்தான் விழுகிறது. மின்னோட்டம் 9 / 100,000, அதாவது 90 மைக்ரோஆம்பியர். இதே மின்னோட்டம் குறையாமல் ஓடினால் மின்தேக்கி சரியாக 47 வினாடியில் 9 வோல்ட்டைத் தொட்டுவிடும். நேர மாறிலிக்கு இதுவே முதல் பொருள்: தொடக்க வேகம் மாறாதிருந்தால் நிரம்பப் பிடிக்கும் நேரம்.

ஆனால் வேகம் மாறாதிருக்க வழியில்லை. மின்தேக்கியில் 1 வோல்ட் ஏறியதுமே மின்தடைக்கு மிஞ்சுவது 8 வோல்ட்தான். மின்னோட்டம் 80 மைக்ரோஆம்பியராகக் குறைகிறது. ஏற ஏற, ஏற்றும் வேகம் தளர்கிறது. எந்த நொடியில் பார்த்தாலும், இன்னும் ஏறவேண்டிய மிச்சம் எவ்வளவோ அதற்கு ஏற்ற வேகம்தான் இருக்கும்.

ஒரு நேர மாறிலி கழியும்போது மின்தேக்கி 63 விழுக்காடு ஏறியிருக்கும் என்று பாடநூல்கள் சொல்லும். அந்த 63 எங்கிருந்து வருகிறது என்பதைக் கையாலேயே கணக்கிட்டுப் பார்க்கலாம். 47 வினாடியைப் பத்துத் துண்டாக்குங்கள், ஒவ்வொன்றும் 4.7 வினாடி. ஒரு துண்டுக்குள் மின்னோட்டம் மாறவில்லை என்று வைத்துக்கொள்வோம். முதல் துண்டில் மிச்சத்தில் பத்தில் ஒரு பங்கு ஏறுகிறது, அதாவது 0.9 வோல்ட். மிச்சம் 8.1. அடுத்த துண்டில் அந்த 8.1-இல் பத்தில் ஒரு பங்கு. மிச்சம் 7.29. இப்படிப் பத்து முறை 0.9-ஆல் பெருக்கிக்கொண்டு போனால் கடைசியில் மிச்சம் 3.14 வோல்ட். துண்டுகளை நூறாக்கி 0.99-ஆல் நூறு முறை பெருக்கினால் 3.29. எத்தனை நுணுக்கமாகத் துண்டாக்கினாலும் மிச்சம் 3.31 வோல்ட்டைத் தாண்டாது. 9-இல் அது 36.8 விழுக்காடு. ஏறியது 63.2 விழுக்காடு, அதாவது 5.69 வோல்ட். பாடநூல்களில் e என்ற எழுத்தோடு திடீரென்று வந்து நிற்கும் சூத்திரம், இந்தப் பெருக்கலை முடிவில்லாத துண்டுகளுக்குச் செய்ததன் விடைதான். இதில் Vc மின்தேக்கியின் மின்னழுத்தம், Vs பேட்டரியின் மின்னழுத்தம், t கழிந்த நேரம், RC நேர மாறிலி.

```
Vc = Vs × (1 − e^(−t/RC))
```

இங்கே மனதில் பதிய வேண்டியது 63 இல்லை, 36.8. ஒவ்வொரு 47 வினாடிக்கும் மிச்சம், அதற்கு முன்பிருந்த மிச்சத்தில் 36.8 விழுக்காடாகச் சுருங்குகிறது. 94 வினாடியில் மின்தேக்கி 7.78 வோல்ட், 141-இல் 8.55, 188-இல் 8.84, 235-இல் 8.94. ஐந்து நேர மாறிலி ஆனால் நிரம்பிவிட்டது என்று சொல்வது வழக்கம். அது ஒரு வசதிக்கான எல்லை, அப்போதும் 0.7 விழுக்காடு மிச்சமிருக்கிறது. எல்இடி எரிய அது போதும். துல்லியமாக வோல்ட் அளக்கும் கருவிக்கு முன்னால் இதே சுற்றை வைத்தால் போதாது.

ஓமையும் ஃபாரடையும் பெருக்கினால் வினாடி வருவது பலருக்கு விந்தையாகத் தோன்றும். ஓம் என்பது ஒரு ஆம்பியருக்கு இத்தனை வோல்ட். ஃபாரட் என்பது ஒரு வோல்ட்டுக்கு இத்தனை கூலும். பெருக்கும்போது வோல்ட் அடிபட்டு, ஆம்பியருக்கு இத்தனை கூலும் என்று மிஞ்சுகிறது. வினாடிக்கு ஒரு கூலும் ஓடுவதுதான் ஆம்பியர் என்பதால், கடைசியில் நிற்பது வினாடி மட்டும். வேலை செய்யும்போது சுழியங்களை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்: கிலோ ஓமை மைக்ரோஃபாரடால் பெருக்கினால் மில்லிவினாடி, மெகா ஓமை மைக்ரோஃபாரடால் பெருக்கினால் வினாடி.

அளந்து பார்த்தல்

100 கிலோ ஓம் மின்தடையின் வண்ணப்பட்டைகள் பழுப்பு, கருப்பு, மஞ்சள். நாலாவது பட்டை தங்க நிறமானால் அதன் மதிப்பு 5 விழுக்காடு கூடவோ குறையவோ இருக்கலாம். மின்தேக்கி 470 மைக்ரோஃபாரட், 16 அல்லது 25 வோல்ட் தாங்கக்கூடிய எலக்ட்ரோலிட்டிக் வகை. உடலில் கோடு போட்டிருக்கும் பக்கத்துக் கால் எதிர்முனை. மாற்றி இணைத்தால் கசிவு மிகும், சூடேறும், வெடிக்கவும் செய்யும்.

இணைப்பதற்கு முன் மின்தேக்கியின் இரு கால்களுக்கும் குறுக்கே 1 கிலோ ஓம் மின்தடையை வைத்து அரை நிமிடம் பிடியுங்கள். அந்தச் சிறு சுற்றின் நேர மாறிலி அரை வினாடிக்கும் குறைவு. மூன்று வினாடியிலேயே காலியாகிவிடும். பிறகு எதற்கு அரை நிமிடம்? எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கியை ஒரு கணம் தொட்டுக் காலிசெய்துவிட்டு விட்டால், உள்ளே இருக்கும் மின்கடத்தாப் படலம் பிடித்து வைத்திருந்த மின்னூட்டம் மெல்ல வெளியே வந்து, வோல்ட்டின் ஒரு பகுதி தானாகவே திரும்ப ஏறிவிடும். அரை வோல்ட் மிச்சத்தோடு தொடங்கினால் 5.69 வோல்ட்டை 47-இல் தொடாமல் 44 வினாடியிலேயே தொடும். மின்தேக்கியின் மதிப்புக் குறைவு என்று தவறாக முடிவு செய்ய இதுவே போதும்.

பேட்டரியின் மின்னழுத்தத்தை முதலில் அளந்து, அதை 0.632-ஆல் பெருக்கி ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். உறையில் 9 என்று போட்டிருந்தாலும் புதுப் பேட்டரி அதைவிடக் கூடுதலாகக் காட்டும். பயன்படுத்தியது குறைவாகக் காட்டும். இந்தக் கட்டுரையில் கணக்கு எளிதாக இருக்க 9.00 என்றே வைத்திருக்கிறேன். மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசி வரம்பில் வைத்து மின்தேக்கியின் குறுக்கே மாட்டி, சுவிட்சையும் கைபேசியின் நிறுத்துக் கடிகாரத்தையும் ஒன்றாக அழுத்துங்கள். 5.69 வந்ததும் நிறுத்துங்கள். அந்த நேரத்தில் 5.69-ஐச் சுற்றி மின்னழுத்தம் வினாடிக்கு 0.07 வோல்ட் ஏறிக்கொண்டிருக்கும். ஆகவே கை சற்றுத் தாமதித்தாலும் பிழை ஒரு வினாடிக்குள் அடங்கிவிடும். இத்தனை பெரிய மதிப்புகளைத் தேர்ந்ததே இதற்காகத்தான்.

55 வினாடி வந்தால் பதற வேண்டாம். எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கிகளுக்கு 20 விழுக்காடு ஏற்றத்தாழ்வு வழக்கமானது. 470 என்று அச்சிட்டது உண்மையில் 376-லிருந்து 564 வரை எதுவாகவும் இருக்கலாம். மின்தடை சரியாக இருந்தால் 38 வினாடியிலிருந்து 56 வினாடி வரை எல்லாமே நல்ல மின்தேக்கிதான். மின்தடையை மீட்டரால் அளந்து வைத்திருந்தால், நேரத்தை அதனால் வகுத்து மின்தேக்கியின் உண்மையான மதிப்பையே கண்டுபிடித்துவிடலாம்: 55 வினாடியை 100 கிலோ ஓமால் வகுத்தால் 550 மைக்ரோஃபாரட்.

மீட்டரும் சுற்றின் ஒரு பகுதி

மீட்டரை மாட்டிய நொடியில் மின்தேக்கிக்கு இணையாக இன்னொரு மின்தடையும் வந்து சேர்ந்துவிட்டது. நல்ல டிஜிட்டல் மீட்டரில் அது 10 மெகா ஓம். விலை குறைந்த 830 வகை மஞ்சள் மீட்டர்களில் பொதுவாக 1 மெகா ஓம். முதல் வகையில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. 47 வினாடிக்குப் பதில் 47.3 வினாடி வரும்.

இரண்டாம் வகையில் கதை வேறு. 100 கிலோ ஓமும் 1 மெகா ஓமும் சேர்ந்து மின்னழுத்தத்தைப் பங்கிடுவதால், எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் மின்தேக்கி 8.18 வோல்ட்டைத் தாண்டாது. நேர மாறிலியும் இரண்டு மின்தடைகளின் இணை மதிப்பான 90.9 கிலோ ஓமைப் பொறுத்தே அமைந்து 42.7 வினாடியாகக் குறைகிறது. ஆனால் கடிகாரமோ 5.69 வோல்ட்டுக்கு 51 வினாடி காட்டும்! நேர மாறிலி குறைந்திருக்க, அளந்த நேரம் எப்படிக் கூடுகிறது? சேருமிடம் 8.18-ஆகத் தாழ்ந்துவிட்டதால் 5.69 என்பது இப்போது 63 விழுக்காடு இல்லை, ஏறத்தாழ 70. அந்த உயரத்துக்குப் போக ஒரு நேர மாறிலிக்கு மேல் ஆகிறது. 63.2 விழுக்காட்டை எதன் மேல் எடுக்கிறோம் என்பது இவ்வளவு முக்கியம்: அந்த மின்தேக்கி கடைசியில் போய் நிற்கப்போகும் மின்னழுத்தத்தின் மேல்தான் எடுக்க வேண்டும். பேட்டரியின் மேல் எடுப்பது, இரண்டும் ஒன்றாக இருக்கும்போது மட்டுமே சரி.

100 கிலோ ஓமுக்குப் பதில் 1 மெகா ஓம் போட்டு அதே மஞ்சள் மீட்டரால் அளந்தால் மின்தேக்கி 4.5 வோல்ட்டோடு நின்றுவிடும். பலர் மின்தேக்கி கெட்டுவிட்டது என்று குப்பையில் போடுவது இந்த இடத்தில்தான். மீட்டரைக் கழற்றிவிட்டு, வேண்டிய நேரத்தில் ஒரு வினாடி மட்டும் தொட்டுப் படித்தால் உண்மையான எண் தெரிந்துவிடும்.

கசிவு

மீட்டர் 10 மெகா ஓம் வகையாக இருந்தும் மின்தேக்கி 9 வோல்ட்டுக்குப் போகாமல் 7.5-இல் நின்றால், அது கசிவு. எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கி எதுவும் முழுக்க மூடிய பாத்திரம் இல்லை. உள்ளே சிறு மின்னோட்டம் எப்போதும் ஒழுகும். ஏறும் மின்னோட்டமும் ஒழுகும் மின்னோட்டமும் சமமாகும் இடத்தில் மின்னழுத்தம் நின்றுவிடுகிறது.

அதன் அளவைக் கண்டுபிடிக்க மீட்டரை மின்தேக்கியிலிருந்து எடுத்து மின்தடையின் குறுக்கே மாட்டுங்கள். பத்து நிமிடம் காத்திருங்கள். நல்ல மின்தேக்கியானால் அங்கே சுழியத்துக்கு அருகில் வரும். 1.5 வோல்ட் காட்டிக்கொண்டே நின்றால், 1.5 வோல்ட்டை 100 கிலோ ஓமால் வகுத்தால் 15 மைக்ரோஆம்பியர். அவ்வளவும் மின்தேக்கிக்குள் ஒழுகுகிறது. தயாரிப்பாளர்களின் தரவுத்தாள்களில் பரவலாகக் காணப்படும் உச்ச வரம்பு, மைக்ரோஃபாரடையும் தாங்கும் வோல்ட்டையும் பெருக்கி 0.01-ஆல் பெருக்கினால் வரும் மைக்ரோஆம்பியர். 470 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் மின்தேக்கிக்கு அது 117. இது தயாரிப்பாளர் தரும் உத்தரவாதத்தின் எல்லை. நல்ல நிலையில் இருப்பவை இதைவிட மிகக் குறைவாகவே ஒழுகும். ஆனாலும் அந்த எல்லையில் இருக்கும் ஒரு மின்தேக்கியை 100 கிலோ ஓமின் வழியாக நிரப்பவே முடியாது, ஏனென்றால் மின்தடை கொடுக்கும் உச்ச மின்னோட்டமே 90 மைக்ரோஆம்பியர்தான்.

ஆண்டுக்கணக்கில் பெட்டியில் கிடந்த மின்தேக்கியில் முதல் அளவு மோசமாகவும், அரை மணி நேரம் மின்னழுத்தத்தில் வைத்துவிட்டு எடுக்கும் இரண்டாம் அளவு நன்றாகவும் வரும். அலுமினியத் தகட்டின் மேல் இருக்கும் ஆக்சைடு படலம் பயன்படாமல் கிடந்தால் பழுதடைகிறது. மின்னழுத்தம் கிடைத்ததும் திரும்ப வளர்கிறது. எனவே பழைய மின்தேக்கியின் முதல் அளவை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

டிரான்சிஸ்டருக்குத் திரும்பினால்

இப்போது அந்த நாலு வினாடி விளங்கும். பிசி547-இன் பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே இருப்பது ஒரு டையோடு. 0.7 வோல்ட் வந்ததும் அது கடத்தத் தொடங்கிவிடுகிறது. 5.69 வோல்ட்டுக்காக அது காத்திருக்கப் போவதில்லை. மின்தேக்கி 0.7 வோல்ட்டை எப்போது தொடும் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. தொட வேண்டிய அந்த மின்னழுத்தத்தை Vt என்று வைத்து, மேலே உள்ள சூத்திரத்தைத் திருப்பி எழுதினால், e-ஐ அடியாகக் கொண்ட மடக்கையான ln வரும்:

```
t = R × C × ln( Vs / (Vs − Vt) )
t = 47 × ln( 9 / 8.3 ) = 47 × 0.081 = 3.8
```

3.8 வினாடி. அதோடு முடியவில்லை. 0.7-க்கு மேல், மின்தடை வழியாக வரும் 83 மைக்ரோஆம்பியரும் பேஸுக்குள் போய்விடுவதால் மின்தேக்கி அதற்கு மேல் ஏறவே ஏறாது. பத்து நிமிடம் கழித்து அளந்தாலும் 0.7 வோல்ட்தான். 5.69 வோல்ட் என்ற இடமே இந்தச் சுற்றில் கிடையாது.

பேஸில் 5.1 வோல்ட் ஜீனர் ஒன்றைத் தொடராகப் போட்டால் எல்லை 5.8 வோல்ட்டாக உயர்ந்து கணக்குப்படி 49 வினாடி வரும். தாளில் அழகாக இருக்கிறது. செயலில், இவ்வளவு குறைந்த மின்னோட்டத்தில் 5.1 வோல்ட் ஜீனர் திடீரென்று திறப்பதில்லை. அதற்கு முன்பே கொஞ்சம் கொஞ்சமாக ஒழுகத் தொடங்கும். எல்இடி எரிகிறதா இல்லையா என்று சொல்ல முடியாத மங்கலில் பல வினாடிகள் கிடக்கும். 2என்7000 போன்ற மாஸ்ஃபெட்டின் கேட் மின்னோட்டம் எடுக்காது என்பது நல்லதுதான், ஆனால் அது திறக்கும் மின்னழுத்தம் 0.8 முதல் 3 வோல்ட் வரை எதுவாகவும் இருக்கலாம் என்று தரவுத்தாளே சொல்கிறது. நேரத்தில் அது 4 வினாடி முதல் 19 வினாடி வரை. ஒரு மாஸ்ஃபெட்டுக்குச் சரிசெய்த சுற்று அடுத்த மாஸ்ஃபெட்டில் தவறும்.

இந்த வேலைக்கு நான் பரிந்துரைப்பது 555 ஐசி. ஹான்ஸ் கமென்சிண்ட் வடிவமைத்து 1972-இல் சிக்னெட்டிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட இந்தச் சில்லின் உள்ளே மூன்று சம மின்தடைகள் மின்வழங்கியைப் பங்கிட்டு, மூன்றில் இரண்டு பங்கை எல்லையாக வைக்கின்றன. பேட்டரி 9 ஆனாலும் 7.5 ஆனாலும் எல்லையும் அதே விகிதத்தில் நகர்வதால் நேரம் மாறுவதில்லை. Vs / (Vs − Vt) எப்போதும் 3. அதன் ln 1.1. தரவுத்தாளில் காணும் 1.1RC என்ற வாய்பாட்டின் மூலம் இதுதான். நம் மதிப்புகளுக்கு 51.7 வினாடி.

இணைப்பு இப்படி. 8-ஆம் காலும் 4-ஆம் காலும் நேர்முனைக்கு, 1-ஆம் கால் எதிர்முனைக்கு. 2-ஆம் காலையும் 6-ஆம் காலையும் சேர்த்து மின்தடையும் மின்தேக்கியும் சேரும் புள்ளிக்கு. 5-ஆம் காலிலிருந்து எதிர்முனைக்கு 10 நானோஃபாரட். எல்இடியும் 1 கிலோ ஓமும் நேர்முனைக்கும் 3-ஆம் காலுக்கும் இடையே. தொடக்கத்தில் 3-ஆம் கால் உயர்ந்திருக்கும், எல்இடி எரியாது. மின்தேக்கி 6 வோல்ட்டைத் தொட்டதும் 3-ஆம் கால் தாழ்ந்து எல்இடி ஒரே நொடியில் முழுப் பிரகாசத்தோடு எரியும். 7-ஆம் காலை எதனுடனும் இணைக்காதீர்கள். வழக்கமான படங்களைப் பார்த்து அதை மின்தேக்கியோடு இணைத்தால், எல்லையைத் தொட்டதும் அது மின்தேக்கியைக் காலிசெய்யும், எல்இடி மினுக்கென்று எரிந்து அணையும், எண்ணிக்கை திரும்பத் தொடங்கும்.

ஐந்து நிமிடம், எட்டு நிமிடம் வேண்டும் என்று மின்தடையைக் கூட்டத் தொடங்கும்போது கசிவு திரும்பவும் குறுக்கே வரும். எல்லையான 6 வோல்ட்டில் மின்தடைக்கு மிஞ்சுவது 3 வோல்ட். 100 கிலோ ஓமில் அது 30 மைக்ரோஆம்பியர். 1 மெகா ஓமில் வெறும் 3. மின்தேக்கி 4 மைக்ரோஆம்பியர் ஒழுகினாலும் 6 வோல்ட் வராது, எல்இடி என்றைக்கும் எரியாது. எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கியோடு சில நூறு கிலோ ஓமோடு நிறுத்திக்கொள்வதுதான் நல்லது.

இன்னொரு கோளாறு, சுவிட்சை அணைத்து உடனே திரும்பப் போடும்போது வரும். முதல் முறை 52 வினாடி காத்த எல்இடி இரண்டாம் முறை சில வினாடிகளிலேயே எரியும், அல்லது காத்திருக்காமலேயே எரியும். மின்தேக்கியில் பழைய மின்னூட்டம் அப்படியே கிடக்கிறது. வெளியேற அதற்கு 100 கிலோ ஓம் வழிதான் உண்டு. மின்தடைக்கு இணையாக 1என்4148 டையோடு ஒன்றை, கோடு போட்ட முனை நேர்முனைப் பக்கம் இருக்குமாறு மாட்டுங்கள். ஏறும்போது அது குறுக்கிடாது. மின்வழங்கி அணைந்ததும் மின்தேக்கி அதன் வழியே 555-இன் 8-ஆம் காலுக்குத் தன் மின்னூட்டத்தைக் கொட்டிவிடும். கடைசி ஓரிரு வோல்ட்டை ஐசி சரியாக உறிஞ்சாது என்பதால் 8-ஆம் காலுக்கும் 1-ஆம் காலுக்கும் இடையே 4.7 கிலோ ஓம் ஒன்றும் சேருங்கள். அது பேட்டரியிலிருந்து கூடுதலாக 2 மில்லிஆம்பியர் எடுக்கும். 470 மைக்ரோஃபாரடோடு அதன் நேர மாறிலி 2.2 வினாடி, பத்து வினாடி இடைவெளி விட்டுச் சுவிட்சைப் போட்டால் மின்தேக்கியில் டையோடின் அரை வோல்ட் அளவு மட்டுமே மிஞ்சியிருக்கும். அது நேரத்தில் மூன்று வினாடிக்கும் குறைவாகவே குறைக்கும்.